துறைமுகத்தில் திறக்காத பெட்டி: உள்நாட்டுக் கண்டெய்னர் டிப்போ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசிடி, உலர் துறைமுகம் இரண்டும் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். கடலிலிருந்து தள்ளி, ரயிலோ சாலையோ ஆற்றுப் படகோ வந்து சேரும் ஓர் இடம். அங்கே கண்டெய்னரை இறக்கி வைக்க யார்டு உண்டு, சுங்க அதிகாரிகள் உண்டு, இறக்குமதி ஏற்றுமதி இரண்டுக்கும் அங்கேயே அனுமதி கிடைக்கும். இந்தியாவில் இதை உள்நாட்டுக் கண்டெய்னர் டிப்போ, சுருக்கமாக ஐசிடி என்கிறார்கள். முதலாவது 1981இல் பெங்களூரில் வந்தது. ஆசிய நாடுகள் 2013இல் ஐ.நா. வழியாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 'உலர் துறைமுகம்' என்ற பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃப்ரன்ட் ராயல் என்ற ஊரில் 1989 முதல் இயங்குவதும், எத்தியோப்பியாவில் மோஜோவில் இருப்பதும் இதே வகைதான்.

பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்த இடத்தில் இறக்குமதி அறிக்கையை ஏற்று, வரி வசூலித்து, சரக்கை விடுவிக்கும் அதிகாரம் சுங்கத்துக்கு இருக்கிறதா? இந்த ஒரு கேள்வி போதும். அந்த அதிகாரம் இல்லாவிட்டால் அது வெறும் கண்டெய்னர் யார்டு.

அப்படியானால் துறைமுகத்தில் சுங்கம் பெட்டியைப் பார்ப்பதே இல்லையா?

பார்க்கிறது, திறப்பதில்லை. பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான்.

கப்பலிலிருந்து இறங்கிய நொடியிலிருந்து சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. உள்நாட்டு டிப்போ வந்ததால் அந்தக் கட்டுப்பாடு நீங்குவதில்லை, தளர்வதும் இல்லை. சரக்கு என்ன, அதன் மதிப்பு என்ன, எந்த வரி வகை, திறந்து பார்க்க வேண்டுமா என்ற மதிப்பீட்டு வேலை மட்டும்தான் இடம் மாறுகிறது. துறைமுகத்துக்கும் டிப்போவுக்கும் இடையில் பெட்டி வரி கட்டாத சரக்காகவே நாட்டுக்குள் ஓடுகிறது. வழியில் யாராவது அதைத் திறந்து பாதியை இறக்கிவிட்டால் அரசுக்கு நஷ்டம். ஆகவே அந்த ஓட்டத்தை மூன்று விஷயங்களால் கட்டி வைக்கிறார்கள்.

முதலாவது ஆவணம். இன்ன பெட்டி, இன்ன சீல் எண்ணோடு, இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன டிப்போவுக்குப் போகிறது என்ற பதிவு இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். இரண்டாவது சீல். மூன்றாவது பாண்டு, அதாவது பெட்டி போய்ச் சேராவிட்டால் வரியை நான் கட்டுகிறேன் என்று கொண்டுபோகிறவர் எழுதிக் கொடுக்கும் பிணை. மூன்றும் சரியாக இருந்தால் துறைமுக அதிகாரி பெட்டியின் எண்ணையும் சீலையும் சரிபார்த்து அனுப்பிவிடுவார். ஒன்று பிசகினால் பெட்டி கடற்கரையிலேயே நின்றுவிடும்.

பெட்டி டிப்போவுக்குப் போக வேண்டும் என்று யார் சொல்ல வேண்டும்? நான் இறக்குமதியாளர், கப்பல் வந்த பிறகு சொன்னால் போதாதா?

போதாது. வெளிநாட்டில் பெட்டி ஏறும்போதே இது முடிவாகிவிட வேண்டும்.

சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம் பில் ஆஃப் லேடிங். அதில் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று இறக்கும் துறைமுகம், மற்றொன்று ஒப்படைக்கும் இடம். டிப்போவின் பெயர் இரண்டாவது கட்டத்தில் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு துறைமுகத்தோடு முடிகிறது என்று பொருள். கப்பல் நிறுவனம் சுங்கத்துக்குத் தரும் சரக்குப் பட்டியலை மேனிஃபெஸ்ட் என்பார்கள். பில்லில் இருப்பதுதான் அதற்குள் போகும். மேனிஃபெஸ்டில் உங்கள் பெட்டி 'உள்ளூர்ச் சரக்கு' என்று பதிவாகிவிட்டால், துறைமுக சுங்கத்தின் கண்ணில் அது அங்கேயே அனுமதி பெற வேண்டிய பெட்டி.

பிறகு மாற்றலாம், ஆனால் அது திருத்தம். கப்பல் நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், சுங்கம் ஏற்க வேண்டும். அதற்குள் உங்கள் பெட்டி ரயில் வரிசைக்குப் போகாமல் சாலை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து எடுத்து மாற்றுவது தனி வேலை, தனிக் கட்டணம்.

அதனால் விற்பவர் அனுப்பும் பில் வரைவை வாங்கி, வேறெதையும் பார்க்கும் முன் இந்தக் கட்டத்தைப் பாருங்கள். டிப்போவின் குறியீடும் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே நகரத்தைச் சுற்றி மூன்று நான்கு டிப்போக்கள் இருக்கும் இடங்களில் நகரப் பெயரை மட்டும் எழுதுவது ஆபத்து. எடுத்துக்காட்டாக டெல்லி துக்ளகாபாத் டிப்போவுக்கு இந்திய சுங்கக் கணினியில் `INTKD6` என்று தனிக் குறியீடு உண்டு. நவ சேவா துறைமுகத்துக்கு `INNSA1`. கணினி படிப்பது குறியீட்டைத்தான், ஊர்ப் பெயரை அல்ல.

ஒரு பெட்டியின் பயணத்தை நாள் வாரியாகச் சொல்ல முடியுமா?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நாற்பது அடிப் பெட்டி ஒன்று, உள்ளே எந்திர உதிரிப் பாகங்கள். டிப்போ துறைமுகத்திலிருந்து 1,200 கிலோமீட்டர். ரயில் இணைப்பு உண்டு.

கப்பல் வருவதற்கு முன்பே மேனிஃபெஸ்ட் சுங்கத்திடம் போய்விடுகிறது. அதில் உங்கள் பெட்டிக்கு எதிரே டிப்போவின் குறியீடு இருக்கிறது. முதல் நாள் கப்பலிலிருந்து பெட்டி இறங்குகிறது. சீல் எண் பதிவாகிறது, பெட்டி ரயில் அடுக்குக்குப் போகிறது. இரண்டாம் நாள் மாற்றி அனுப்பும் அனுமதி கிடைக்கிறது.

மூன்று, நான்கு ஆகிய நாட்களில் பெட்டி சும்மா நிற்கிறது. ஏன் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. காரணம் இதுதான்: லாரி ஒரு பெட்டிக்காகக் கிளம்பும், ரயில் அப்படிக் கிளம்பாது. 45 வேகன் கொண்ட ஒரு ரயிலில் நாற்பது அடிப் பெட்டி 45 ஏறும், இருபது அடிப் பெட்டி என்றால் 90. அத்தனையும் ஒரே டிப்போவுக்கோ ஒரே தடத்துக்கோ போகிறவையாக இருக்க வேண்டும். கப்பலோ தன் அடுக்கு வரிசைப்படிதான் பெட்டிகளை இறக்கும். உங்கள் பெட்டி முதலில் இறங்கி, நாற்பதாவது பெட்டி மறுநாள் இறங்கினால் நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

நான்காம் நாள் இரவு ரயில் புறப்படுகிறது, ஆறாம் நாள் இரவு டிப்போவைச் சேர்கிறது. இதற்கிடையில் உங்கள் சுங்க முகவர் சும்மா இருக்கக் கூடாது. முன்கூட்டியே இறக்குமதி அறிக்கை தாக்கல் செய்ய அனுமதி உள்ள இடங்களில், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்பீடு முடிந்துவிடும். ஏழாம் நாள் காலை டிப்போவில் பெட்டி எண்ணும் சீலும் சரிபார்க்கப்பட்டு வருகை பதிவாகிறது. சோதனை தேவை என்று வந்தால் உங்கள் ஆள் முன்னிலையில் சீலை வெட்டிப் பார்க்கிறார்கள். மாலைக்குள் சரக்கு கிடங்குக்கு வந்துவிடும். எட்டாம் நாள் காலிப் பெட்டியை அதே டிப்போவில் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

ஏழு நாளில் ரயில் ஓடியது இரண்டு நாள். பெரும்பகுதி துறைமுக ரயில் அடுக்கில் கழிந்தது. ஒரு டிப்போ நல்லதா என்று தெரிந்துகொள்ள 'எத்தனை மணி நேர ஓட்டம்' என்று கேட்காதீர்கள். 'வாரத்துக்கு எத்தனை ரயில், துறைமுகத்தில் சராசரி காத்திருப்பு எத்தனை நாள்' என்று கேளுங்கள்.

என் பெட்டியில் எந்தப் பிரச்சினையும் இல்லை, ஆனாலும் துறைமுகத்திலிருந்து நகரவில்லை. 'பாண்டு தீர்ந்துவிட்டது' என்கிறார்கள். அப்படியென்றால்?

இது வெளியே தெரியாத காரணம், ஆனால் அடிக்கடி நடப்பது.

கொண்டுபோகிறவர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பிணை எழுதுவதில்லை. ஒரு பெரிய தொகைக்குத் தொடர் பாண்டு ஒன்றைச் சுங்கத்திடம் கொடுத்து வைத்திருப்பார். பெட்டி துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது அதற்குரிய தொகை பாண்டில் கழியும். டிப்போவில் வருகை பதிவாகி அந்தச் செய்தி திரும்பி வந்ததும் அதே தொகை மீண்டும் ஏறும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டில் 200 பெட்டிக்கு இடம் இருக்கிறது, ஒரு ரயிலுக்கு 45 பெட்டி என்போம். நான்கு ரயில் போனால் 180 கழிந்துவிடும். அதற்குள் முதல் ரயிலின் 45 திரும்ப ஏறியிருந்தால் ஐந்தாவது ரயில் தடையின்றிக் கிளம்பும். முதல் ரயில் உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் டிப்போவில் வருகைப் பதிவு செய்யவில்லை, அல்லது செய்தி கணினியில் எங்கோ சிக்கிவிட்டது என்றால்? மிச்சம் 20 பெட்டிக்குத்தான் இடம். ஐந்தாவது ரயிலில் 25 பெட்டி நின்றுவிடும். அதில் உங்களுடையது ஒன்றாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உங்கள் பெட்டியைப் பற்றி மட்டும் விசாரிக்காமல், அதே டிப்போவுக்குப் போகும் மற்றவர்களின் பெட்டிகளும் நிற்கின்றனவா என்று கேளுங்கள். எல்லாமே நின்றால் பாண்டு, ரயில், கணினி மூன்றில் ஒன்று. உங்களுடையது மட்டும் நின்றால் காகிதம் அல்லது சீல். பாண்டு என்றால் தீர்வு துறைமுகத்தில் இல்லை. பழைய ரயில்களின் வருகையை டிப்போ பக்கம் உட்கார்ந்து பதிவு செய்து முடிக்க வேண்டும். துறைமுக முகவரை எத்தனை முறை அழைத்தாலும் பயன் இருக்காது.

சீல் எண் காகிதத்தில் ஒன்று, பெட்டியில் வேறு. என்ன ஆகும்?

பெட்டி ஓரமாக எடுத்து வைக்கப்படும். அப்புறம் எண் தவறா, சீலே மாற்றப்பட்டதா என்ற கேள்விக்கு விடை தேடுவார்கள்.

சர்வதேசப் போக்குவரத்தில் கண்டெய்னர்களுக்குப் பயன்படுவது ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உயர் பாதுகாப்பு வகை, பெரும்பாலும் போல்ட் வடிவம். அதில் 'H' என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். கையால் திறக்க முடியாது, பெரிய வெட்டுக்கருவி வேண்டும். சரிபார்க்கும்போது எண்ணைப் படிப்பதோடு நிற்கக் கூடாது. போல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், திருகிப் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டிய சீல் அந்த அசைவில் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட முக்கியமாகக் கதவின் கைப்பிடி ஆணிகளையும் கீல்களையும் பாருங்கள். சீலைத் தொடாமலே கைப்பிடியின் ரிவெட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து, மீண்டும் அடித்துவிடும் திருட்டு உண்டு. பழைய கதவில் புதுப் பளபளப்போடு ஒரு ரிவெட்டோ, அதைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் சந்தேகப்படுங்கள். துறைமுக எடையும் டிப்போ எடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

என் அனுபவத்தில் முக்கால்வாசி வேறுபாடுகள் திருட்டு அல்ல, தட்டச்சு. ஒருமுறை 3ஐ 8 என்று யாரோ அடித்துவிட்டார்கள். பெட்டி ஐந்து நாள் நின்றது. ஏற்றும் இடத்தில், கதவு மூடிய நிலையில், சீலும் பெட்டி எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் படம் இல்லாமல் எந்தச் சரக்கையும் ஏற்ற விடுவதில்லை.

வழியில் சுங்கமே பெட்டியைத் திறந்து புது சீல் போடுவதும் உண்டு. அப்போது பழைய எண், புது எண் இரண்டும் எழுதிய குறிப்பு கட்டாயம் வேண்டும். அதன் நகல் இல்லாமல் டிப்போவில் வாதாட முடியாது.

பெட்டி எண்ணிலும் இப்படித் தவறு வருமே?

வரும், ஆனால் அதைப் பிடிப்பது எளிது. பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள நான்கு எழுத்து, ஆறு இலக்கங்களிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். `CSQU3054383` என்ற எண்ணுக்கு:

```
C=13 S=30 Q=28 U=32
13×1 + 30×2 + 28×4 + 32×8
+ 3×16 + 0×32 + 5×64
+ 4×128 + 3×256 + 8×512 = 6185
6185 mod 11 = 3
```

இதையே யாராவது 5, 4 இரண்டையும் இடம் மாற்றி `CSQU3045383` என்று அடித்தால் கூட்டுத்தொகை 6249, மீதி 1. கடைசியில் இருப்பதோ 3. தவறு வெளிப்பட்டுவிடும். சீல் எண்ணுக்கு இப்படிப் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. அதனால்தான் சீல் எண்ணை இரண்டு பேர் படித்து ஒப்பிட வேண்டும் என்று சொல்கிறேன்.

துறைமுகத்திலிருந்து டிப்போ வரையிலான ரயில் கட்டணத்துக்கும் சுங்க வரி உண்டா?

நாட்டைப் பொறுத்தது. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம், இறக்குமதி இடம் வரையிலான போக்குவரத்துச் செலவைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டிருக்கிறது. சேர்க்கும் நாடுகளில் 'இறக்குமதி இடம்' துறைமுகமா டிப்போவா என்ற கேள்வி எழும். இந்திய விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: கடல் வழியாக வந்து வேறொரு சுங்க நிலையத்துக்கு மாற்றி அனுப்பப்படும் சரக்குக்கு, அந்த உள்நாட்டுப் பகுதியின் போக்குவரத்து, காப்பீடு, கையாளும் செலவு மதிப்பில் சேராது.

ஆனால் கப்பல் நிறுவனம் டிப்போ வரைக்கும் சேர்த்து ஒரே தொகையாக பில் போட்டால் எது கடல், எது நிலம் என்று பிரிக்க முடியாது. கட்டணத்தை இரண்டு தனித் தொகையாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

ஏற்றுமதிக்கும் இதே வழிதானா?

திசை மட்டும் மாறும். டிப்போவில் சரக்கைச் சோதித்து, ஏற்றுமதி அனுமதி கொடுத்து, சீல் போட்டு ரயிலில் ஏற்றுவார்கள். கடற்கரைத் துறைமுகம் சீலைப் பார்த்துக் கப்பலில் ஏற்றும்.

சிக்கல் வங்கியில் வரும். டிப்போவில் பெட்டியை ஒப்படைத்ததும் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம் 'பெற்றுக்கொண்டோம்' என்று சொல்லும், 'கப்பலில் ஏற்றினோம்' என்று சொல்லாது. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுப்பது கடன் கடிதம். அது துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கான பில்லைக் கேட்டால், கப்பலில் ஏற்றிய தேதிக் குறிப்பு இல்லாமல் வங்கி பணம் தராது. நீங்கள் 5ஆம் தேதி சரக்கைக் கொடுத்திருப்பீர்கள், கப்பல் 14ஆம் தேதி ஏற்றும், கடன் கடிதத்தின் கெடு 12ஆக இருக்கும். உங்கள் கையில் தவறே இல்லாமல் கெடு தாண்டிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள். கடன் கடிதத்தில் பன்முறைப் போக்குவரத்து ஆவணத்தை ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் டிப்போவில் பொறுப்பேற்ற தேதியையே அனுப்பிய தேதியாக எடுத்துக்கொள்ளலாம். விற்பனை ஒப்பந்தத்திலும் எஃப்ஓபி என்று எழுதாமல் எஃப்சிஏ என்று எழுதி டிப்போவின் பெயரைப் போடுங்கள். எஃப்ஓபியில் பெட்டி கப்பலில் ஏறும் வரை ஆபத்து உங்களுடையது, ரயிலில் நடப்பதும் சேர்த்து. எஃப்சிஏயில் டிப்போவில் ஒப்படைத்ததோடு அது வாங்குபவரிடம் போகிறது. வாங்குபவரின் வங்கி ஏற்றிய தேதியுள்ள பில்லையே பிடிவாதமாகக் கேட்டால், அதைக் கப்பல் நிறுவனம் உங்களுக்குத் தரும்படி வாங்குபவர் உத்தரவிடலாம் என்ற ஏற்பாடு, எஃப்ஓபி, எஃப்சிஏ போன்ற விற்பனைச் சொற்களை வரையறுக்கும் விதித் தொகுப்பான 2020 இன்கோடெர்ம்ஸில் எஃப்சிஏயோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது டிப்போ வேண்டாம், துறைமுகத்திலேயே முடித்துவிடலாம்?

ரயில் காத்திருப்பைத் தாங்க முடியாத சரக்கு என்றால். குளிர்ப் பெட்டிக்கு ரயிலில் மின்சாரம் வேண்டும், அந்த வசதி எல்லாத் தடத்திலும் இல்லை. அப்புறம், தனித் துறை ஆய்வு தேவைப்படும் சரக்கு. தாவர நோய்த் தடுப்பு, மருந்து, வேதிப்பொருள் போன்றவற்றுக்கு அதிகாரியும் ஆய்வகமும் அந்த டிப்போவில் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் மாதிரி துறைமுக நகரத்துக்கே திரும்பிப் போகும், பெட்டி டிப்போவில் வாடகை தின்றுகொண்டு நிற்கும்.

காலிப் பெட்டியை எங்கே திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டிப்போவில் கொடுக்க முடியாமல் துறைமுகத்துக்கே கொண்டுவரச் சொன்னால், ரயிலில் மிச்சப்படுத்தியதைக் காலிப் பெட்டி லாரியில் செலவழிப்பீர்கள். பெட்டியை வைத்திருக்கும் இலவச நாட்கள் எப்போது தொடங்குகின்றன என்பதும் அதே கடிதத்தில் வரட்டும். கப்பலிலிருந்து இறங்கிய நாளா, டிப்போவுக்கு வந்த நாளா? நம் கணக்கில் அந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருந்தது.